ஆப்பா, கார்டா, கன்னை மாட்டினாலே போதுமா? சார்ஜர் மறுக்கும் நாளை வைத்து ஓர் ஒப்பீடு

பெங்களூரில் மின்சாரக் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், ரேஞ்ச், பேட்டரி எல்லாம் பேசி முடித்ததும் பேச்சு ஆப்புகளுக்கு வந்துவிடும். அல்சூர்க்காரர் ஒரு ஆப்பைச் சொல்வார், எலக்ட்ரானிக் சிட்டிக்காரர் இன்னொன்றை. ஒசூர் ரோட்டில் கிருஷ்ணகிரி, சேலம் என்று அடிக்கடி போய்வருபவரின் போனில் ஆறேழு ஆப் இருக்கும். கார்டு வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா, சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் கன்னைக் காரில் மாட்டினாலே தானாக ஓடுமாமே அது நம் காருக்கு உண்டா என்று கேள்விகள் தொடரும்.

வசதியை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். மாட்டினாலே ஓடுவதுதான் வசதி, அடுத்தது கார்டு, கடைசியில் ஆப். ஆனால் சார்ஜர் ஒழுங்காக இருக்கும் நாளில் இந்த மூன்றுக்கும் இடையே ஒரு நிமிடம்கூட வித்தியாசம் வராது. சார்ஜர் மறுக்கும் நாளில்தான் எது கை கொடுக்கும் என்பது தெரியும். அதனால் எது எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சார்ஜ் ஏறத் தொடங்குவது இரண்டு பாதியாக நடக்கும். முதல் பாதி அனுமதி: வந்திருப்பவர் யார், அவர் கணக்கில் பணம் இருக்கிறதா, மின்சாரம் கொடுக்கலாமா என்று சார்ஜர் தன் கம்பெனியின் சர்வரிடம் கேட்டுக்கொள்வது. இரண்டாம் பாதியில் காரும் சார்ஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. கன் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, கேபிளில் கசிவு இருக்கிறதா, பேட்டரியின் வோல்டேஜ் என்ன, எத்தனை ஆம்பியர் கொடுக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஆப், கார்டு, மாட்டினாலே ஓடுவது மூன்றும் முதல் பாதிக்கான வழிகள் மட்டுமே. அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விட்டபிறகு லிஃப்ட் ஓடவில்லை என்றால், திரும்ப வாசலுக்கு வந்து வேறொரு அடையாள அட்டையைக் காட்டி என்ன பயன்? சார்ஜர் முன்னால் நின்று ஆப் மாற்றி ஆப் திறப்பவர்கள் பல நேரம் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆப்பிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் இங்கே பெரும்பாலும் அதுதான். டாடா பவர், ஸ்டாட்டிக், ஜியோ-பிபி, ஷெல் என்று ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் ஆப். பெஸ்காம் சார்ஜர்களுக்கு ஈவி மித்ரா. பல நெட்வொர்க்குகளை ஒரே இடத்தில் காட்டும் ஆப்புகளும் உண்டு. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஸ்டார்ட் அழுத்தும்போது, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் சார்ஜருக்கு உங்கள் போன் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. போன் தன் டேட்டா வழியாகக் கம்பெனி சர்வரைக் கேட்கிறது. சர்வர், சார்ஜருக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக அதற்கு உத்தரவு அனுப்புகிறது. ஆக, போனின் நெட், சர்வர், சார்ஜரின் நெட் மூன்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். நடுவில் நீங்கள் பயன்படுத்துவது பல நெட்வொர்க்குகளைக் காட்டும் ஆப் என்றால், அதன் சர்வரும் கணக்கில் சேரும். மால்களின் இரண்டாம் பேஸ்மெண்டில் போனுக்கும் நெட் இருக்காது, சார்ஜரின் சிம்முக்கும் பல நேரம் அதே கதிதான்.

ஆப்பின் இன்னொரு பலவீனம் வாலட். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 யூனிட் பேட்டரி உள்ள காரை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும். யூனிட் 20 ரூபாய் என்று ஆப்பில் பார்த்து 480 ரூபாய் ஆகும் என்று நினைப்போம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 566 ரூபாய் 40 காசு. வாலட்டில் 500 போட்டிருந்தால் 21 யூனிட்டில் செஷன் தானாக நின்றுவிடும். சில நெட்வொர்க்குகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் தொடங்கவே விடாது, அதற்கான காரணத்தையும் தெளிவாகச் சொல்லாது. நெட் விட்டுவிட்டு வரும் இடத்தில் நின்றுகொண்டு யுபிஐயில் பணம் ஏற்றுவது பெரிய அவஸ்தை. காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கிளம்பும் முன்பே வீட்டிலிருந்து ஏற்றிவிடுங்கள்.

ஆப்புக்கென்று ஒரு பெரிய லாபமும் உண்டு. கன் காலியா, விலை என்ன, எத்தனை கிலோவாட் என்பதைப் போகும் முன்பே அதில்தான் பார்க்க முடியும். எதுவும் நடக்காதபோதும் எங்கே நின்றது என்பதை ஓரளவுக்காவது அதுதான் காட்டும். எனவே ஆப்பை ஒழித்துவிட்டு வாழ முடியாது.

அடுத்தது கார்டு. நம்ம மெட்ரோ கார்டு மாதிரியே, சார்ஜரின் மேல் ரீடர் படம் போட்ட இடத்தில் காட்டினால் ஒரு பீப் வரும். சார்ஜர் அந்தக் கார்டின் எண்ணைத் தன் சர்வருக்கு அனுப்பிக் கேட்கும். உங்கள் போன் இதில் எங்கேயும் வருவதில்லை. போனில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், ஓடிபி வராமல் போகலாம், எதுவும் பாதிக்காது. காரை அப்பாவோ டிரைவரோ எடுத்துப் போகும் வீடுகளில் இதுதான் நிம்மதி.

கார்டின் உண்மையான பலம் இன்னொன்று. சார்ஜர்கள் தங்கள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில், அனுமதி பெற்ற கார்டுகளின் பட்டியலைச் சார்ஜருக்குள்ளேயே சேமித்துவைக்க வழி இருக்கிறது. கம்பெனி அதை அனுமதித்திருந்தால், சார்ஜரின் நெட் செத்துக் கிடக்கும்போதும் அந்தப் பட்டியலில் உள்ள கார்டுக்கு அது மின்சாரம் கொடுக்கும், கணக்கை நெட் வந்தபிறகு அனுப்பும். ஒரு சார்ஜரில் கார்டை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் அதன் நினைவில் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அடிக்கடி போகும் இடத்தில் கார்டு கூடுதலாகக் கை கொடுக்கும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். காசு வராமல் போய்விடுமோ என்று பயந்து சிலர் இந்த வசதியை அணைத்தே வைத்திருப்பார்கள்.

குறைகளும் உண்டு. ஒரு நெட்வொர்க்கின் கார்டு பொதுவாக இன்னொன்றில் எடுபடாது. வாங்கியவுடன் ஆப்பில் உங்கள் கணக்கோடு இணைக்க வேண்டும், அந்தக் கணக்கில் பணமும் இருக்க வேண்டும். கார்டில் தொடங்கியதை அதே கார்டைக் காட்டித்தான் நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு மனைவி மாலுக்குள் போய்விட்டால் காத்திருக்க வேண்டியதுதான். பல நெட்வொர்க்குகளில் கார்டின் வரிசை எண் மட்டுமே அடையாளம், ரகசிய எண் எதுவும் கிடையாது. தொலைந்தால் அன்றைக்கே ஆப்பில் முடக்கிவிடுங்கள்.

மூன்றாவது, மாட்டினாலே ஓடுவது. இந்தப் பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் விற்கப்படுகின்றன. உண்மையான பிளக் அண்ட் சார்ஜ் என்பது ஐஎஸ்ஓ 15118 தரத்தில் உள்ளது. காருக்குள் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் இருக்கும், கன் மாட்டியதும் அதைச் சார்ஜர் சரிபார்க்கும். கார் கம்பெனி, சார்ஜர், அதை நடத்துபவர், சான்றிதழ் வழங்குபவர் எல்லோரும் ஒரே ஏற்பாட்டில் இருந்தால்தான் இது நடக்கும். டெஸ்லா கார் தன் சூப்பர்சார்ஜரில் மாட்டியதும் ஓடுகிறதே என்றால், அங்கே காரும் சார்ஜரும் கணக்கும் ஒரே கம்பெனியின் கையில் இருக்கின்றன. மற்றது ஆட்டோசார்ஜ். ஒவ்வொரு காரின் தொடர்புக் கருவிக்கும் ஓர் எண் உண்டு. முதல் முறை ஆப்பில் தொடங்கி அந்த எண்ணைப் பதிவு செய்தால், அடுத்த முறை எண்ணைப் பார்த்தே சார்ஜர் அனுமதி கேட்டுக்கொள்ளும். பெங்களூரில் ஒரு நெட்வொர்க் இந்த வசதியைத் தருவதாகச் சொன்னால், அது இந்த இரண்டாவது வகையா என்று முதலில் கேளுங்கள்.

ஆட்டோசார்ஜ் டிசி வேகச் சார்ஜரில் மட்டும்தான். அதில் இருக்கும் சிசிஎஸ்2 வகைக் கன்னில் காரும் சார்ஜரும் டேட்டா பரிமாறிக்கொள்வதால் காரின் எண் கிடைக்கிறது. வழக்கமான ஏசி டைப் 2 பாயிண்டில் போவது எளிய சைகை மட்டுமே, அதில் காரின் எண் எதுவும் வராது. ஆபீஸிலும் அபார்ட்மெண்டிலும் உள்ள மெதுவான சார்ஜரில் ஆட்டோசார்ஜ் ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, இங்கே அடையாளம் காருடையது, உங்களுடையது அல்ல. மைத்துனர் இரண்டு நாள் காரை எடுத்துப்போனால் அவர் ஏற்றியதெல்லாம் உங்கள் வாலட்டில் கழியும். அது குடும்ப விவகாரம், பேசிக்கொள்ளலாம். காரை விற்கும்போது மட்டும் அந்தப் பதிவை நீக்க மறக்காதீர்கள். ஆர்சி பெயர் மாற்றத்துக்கு அலைபவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள்.

மறுக்கும் நாளைப் பொறுத்தவரை ஆட்டோசார்ஜுக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. ஆப்பிலும் கார்டிலும் அனுமதியும் காரின் பேச்சும் தனித்தனியாக நடக்கின்றன. இதில் காரோடு பேச்சு ஆரம்பித்த பிறகுதான் எண்ணே தெரியும். அதனால் எது அறுந்தது என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். வாலட்டில் பணம் இல்லையென்றாலும், எண் பதிவாகவில்லையென்றாலும், கன் சரியாக உட்காரவில்லையென்றாலும் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: மாட்டினீர்கள், எதுவும் நடக்கவில்லை.

இனி, மறுக்கும்போது என்ன செய்வது. முதல் வேலை போனைப் பார்ப்பதல்ல, சார்ஜரின் திரையைப் பார்ப்பது. நீங்கள் ஆப்பில் ஸ்டார்ட் அழுத்திய பிறகும் திரை அசையாமல் கார்டைக் காட்டு, க்யூஆர் ஸ்கேன் செய் என்றே நின்றால், அனுமதி சார்ஜருக்கு வந்து சேரவில்லை. அப்போது வழியை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. திரை மாறி கேபிள் சோதனை நடக்கிறது என்று காட்டிவிட்டுத் திரும்ப வந்தால், அனுமதி கிடைத்துவிட்டது, இரண்டாம் பாதிதான் உடைந்திருக்கிறது. அப்போது மாற்ற வேண்டியது கன்னை. `Faulted` என்று இருந்தாலோ திரை இருட்டாக இருந்தாலோ எந்தப் பாதியும் தொடங்கவே இல்லை.

இரண்டும் எப்படி வேறுபடும் என்பதற்கு, பார்த்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். ஒசூரிலிருந்து வந்த தங்கையின் வீட்டுக்காரர், கோரமங்களா பக்கம் ஒரு மாலின் இரண்டாம் பேஸ்மெண்டில் காரை நிறுத்தினார். 60 கிலோவாட் சார்ஜர், கன்னை மாட்டியாயிற்று. ஆப்பில் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் தொடங்க முடியவில்லை என்றது. "மாப்பிள்ளை, வேற ஆப்ல போட்டுப் பாருங்க" என்றேன். அதிலும் அதே வட்டம். ஆனால் அவ்வளவு நேரமும் சார்ஜரின் திரையில் க்யூஆர் படம் அப்படியே இருந்தது. அவர் போனில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் போய்ப் போய் வந்தது. மாலின் வைஃபையில் போனைச் சேர்த்துப் பார்த்தோம். இப்போது ஆப் உடனே பதில் சொன்னது, சார்ஜர் ஆஃப்லைன் என்று. அதாவது போனின் நெட் சரியானதும்தான் சார்ஜரின் நெட் செத்திருப்பது தெரிந்தது. என்னிடம் அதே நெட்வொர்க்கின் கார்டு இருந்தது, அந்தச் சார்ஜரில் முன்பும் பயன்படுத்தியதுதான். காட்டியதும் பீப் அடித்து, திரை மாறி, கொஞ்ச நேரத்தில் ஏறத் தொடங்கியது. பில் ராத்திரிதான் ஆப்பில் வந்தது.

இன்னொரு நாள் ஒசூர் ரோட்டில், சாயங்கால மழை விட்ட நேரம், திறந்தவெளிச் சார்ஜர். ஆப்பில் தொடங்கியதும் திரை மாறியது, காரில் கன் பூட்டும் சத்தம் கேட்டது, சில வினாடிகளில் `Insulation Fault`, அதாவது மின்கசிவு என்று நின்றது. கார்டைக் காட்டியபோதும் அதே இடத்தில்தான் நின்றது. இரண்டு வழியும் ஒரே இடத்தில் நின்றால் வழிமேல் குற்றமில்லை. கன்னைக் கழற்றிப் பார்த்தால், பின்களைச் சுற்றி நீர்த்துளிகள் மினுங்கின. முன்னால் வந்தவர் அதைச் சார்ஜரில் கன் மாட்டும் இடமான ஹோல்ஸ்டரில் மாட்டாமல் கேபிளோடு தொங்கவிட்டுப் போயிருக்கிறார். காவலுக்கு இருந்த தர்மபுரிக்காரர், "அந்த இன்னொரு கன் உள்ள மாட்டியிருக்கு சார், காஞ்சுதான் இருக்கும்" என்றார். அந்த இரண்டாவது கன்னில், அதே ஆப்பில், உடனே ஓடியது.

இரண்டாம் பாதியில் நடப்பதைக் காதால் கேட்டே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கன் உள்ளே போனதும் கார் அதைப் பூட்டும், ஒரு 'டிக்' சத்தம். பிறகு சார்ஜர் கேபிளில் வோல்டேஜ் ஏற்றிக் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும். அடுத்து பேட்டரியின் வோல்டேஜுக்குத் தன்னைச் சமன் செய்துகொள்ளும். அப்புறம் காருக்குள் பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டர் மூடும் கனமான சத்தம், அதோடு கரண்ட். எல்லாம் சேர்ந்து அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். கசிவுச் சோதனைக்கு மட்டுமே தரத்தில் 40 வினாடி வரை இடம் உண்டு. பத்து வினாடியில் பொறுமை இழந்து கன்னைப் பிடுங்குவதால் கெட்டுப்போகும் செஷன்கள் நிறைய.

பூட்டும் சத்தமே கேட்கவில்லை என்றால் கன் முழுதாக உட்காரவில்லை. வேகச் சார்ஜரின் கேபிள் கனமானது, கன்னைக் கீழே இழுத்துச் சாய்க்கும். கேபிளின் பாரத்தை ஒரு கையில் தாங்கி, கன்னைக் கொஞ்சம் மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடி தொடங்குங்கள், பூட்டியபின் விட்டுவிடலாம். பூட்டிய பிறகும் காண்டாக்டர் சத்தம் வரவில்லை, வேறு சார்ஜரிலும் இதே கதை என்றால் சந்தேகம் கார்மேல் போக வேண்டும். 12 வோல்ட் சின்ன பேட்டரி தளர்ந்திருந்தால் காண்டாக்டர் மூடாமல் போகும். பெரிய பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தும் இப்படி நடக்கும். `SuspendedEV` என்று காட்டினால் சார்ஜர் தயார், கார்தான் வேண்டாம் என்கிறது. ராத்திரி வீட்டில் ஏற்றுவதற்காக நேரம் குறித்துவைத்த டைமரை அணைக்காமல் வந்திருக்கலாம்.

கன்னை மாற்ற வழியில்லாத இடத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கன்னைக் கழற்றி ஹோல்ஸ்டரில் முழுதாக மாட்டுங்கள். காரை அணைத்துப் பூட்டி, இரண்டு மூன்று நிமிடம் தூங்க விடுங்கள். சார்ஜரின் நிலை `Finishing`இலிருந்து `Available`க்கு வரும்வரை காத்திருங்கள், முந்தையவரின் செஷன் முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் மறுப்புக்கு ஒரு காரணம். பிறகு முதலில் கன்னை மாட்டுங்கள், அதற்கப்புறம் அனுமதி. வரிசையை மாற்றி ஆப்பில் முதலில் அழுத்தினால், கன்னை மாட்ட சார்ஜர் குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும், சார்ஜிங் மூடியைத் திறப்பதற்குள் அது முடிந்துபோகும்.

`Faulted` என்றால் முதலில் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். விளையாட்டுக்கு யாராவது அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அதை வலப்பக்கம் திருப்பினால் வெளியே வரும். ஆனால் திருப்பும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கருகிய வாடை, உருகிய கன், தேங்கிய தண்ணீர் இருந்தால் அது காரணத்தோடுதான் அமுக்கப்பட்டிருக்கிறது, தொடவேண்டாம். பிரேக்கர் பெட்டியைத் திறப்பது நம் வேலையல்ல. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, சார்ஜர்மேல் எழுதியிருக்கும் எண், எந்தக் கன், திரையில் என்ன காட்டுகிறது என்று சொல்லி "ரீசெட் பண்ணுங்க" என்று நேராகக் கேளுங்கள். அவர்கள் அங்கிருந்தே செய்வார்கள், திரை திரும்ப எழ சில நிமிடம் ஆகும். சார்ஜருக்கே நெட் இல்லையென்றால் அவர்களாலும் முடியாது. அதைக் கேட்டவுடன் அடுத்த சார்ஜருக்குக் கிளம்புங்கள்.

என் தேர்வு இப்படி: உங்கள் வழக்கமான வழியில் எந்த நெட்வொர்க்கின் சார்ஜர்கள் அதிகமோ அதன் ஆப், பணத்தோடு. அதே நெட்வொர்க்கின் கார்டு, காருக்குள். மாற்றுக்கு இன்னொரு கம்பெனியின் ஆப், அதிலும் கொஞ்சம் பணம். இந்த மூன்று போதும், ஆறேழு ஆப்பில் சில்லறையாகப் பணத்தை முடக்குவதில் லாபமில்லை. வாரா வாரம் ஒரே டிசி சார்ஜருக்குப் போகிறீர்கள் என்றால் ஆட்டோசார்ஜைப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் கார்டுக்குப் பதிலாக அல்ல. ஊருக்குப் போகும் வழியில் ஒரே ஒரு சார்ஜரை நம்பி, அதிலும் ஆட்டோசார்ஜை மட்டும் நம்பிப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

தோற்றுப்போன செஷனை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆப்பில் அது 0 யூனிட்டோடு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள், நேரம் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பிடித்துவைத்த பணம் வாலட்டுக்குத் திரும்பவில்லை என்றால் அதுதான் ஆதாரம். கன்னைக் கழற்றிய பிறகும் செஷன் ஓடுவதாகக் காட்டினால் அங்கேயே ஸ்டாப் அழுத்துங்கள். பல ஆப்புகள் ஒரு கணக்குக்கு ஒரு செஷன்தான் அனுமதிக்கும். அது மூடாமல் அத்திப்பள்ளி டோலைத் தாண்டிப் போய்விட்டால், அடுத்த சார்ஜர் `Available` என்று இருந்தும் உங்கள் கணக்கை மட்டும் மறுக்கும். அப்போது கஸ்டமர் கேரிடம் முன்னால் நிற்கும் சார்ஜரைப் பற்றிப் பேசாமல், பழைய செஷனை மூடச் சொல்லுங்கள்.